வதந்திச் சீட்டுக்கட்டில் பாதி உண்மையாக இருக்கட்டும்

பாடசாலைக் கழகங்களுக்கு வதந்தி பிடிக்கும் சீட்டாட்டம் தயாரிப்பவர்கள் கட்டு முழுக்கப் பொய்களையே எழுதி வைப்பது பெரிய பிழை. நாலைந்து சீட்டுக்குள் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும்: வாசிக்கவே தேவையில்லை, "பொய்" என்றால் புள்ளி. அப்படிப் பழகிய பிள்ளை உண்மையான வெள்ள எச்சரிக்கையையும் தள்ளிவிடும்.

பிரிஸ்டல் போட்டில் 24 சீட்டு வெட்டுங்கள். 12 உண்மையாகவே இருக்கட்டும். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு கடித உறை, அதற்குள் மூன்று துண்டுகள்: யார் வெளியிட்டது, எப்போது, உரிய திணைக்களம் என்ன சொல்கிறது. நாலு பேர் ஆட்டம், ஆளுக்கு 6 சீட்டு, 8 புளியங்கொட்டை. ஒரு துண்டைத் திறக்க ஒரு கொட்டை. எல்லாவற்றையும் திறக்க முடியாது, எதைச் சோதிப்பது என்று யோசித்தே ஆகவேண்டும். பிறகு "அனுப்பு", "அழி", "பொறு" என்று ஒரு முடிவு. சரிக்கு 2 புள்ளி. பொய்யை அனுப்பினாலும் உண்மையை அழித்தாலும் ஒரே தண்டனை, 3 குறையும். "பொறு" சொன்னால் எப்போதும் புள்ளி என்று வைத்துவிடாதீர்கள், எல்லாரும் அதற்குள் ஒளிந்துகொள்வார்கள். ஆதாரம் போதாத சீட்டுக்கு மட்டும் அது சரி.

எழுத்துப்பிழையை வைத்துப் பொய் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பதும் வேண்டாம். அவசரத்தில் அதிபர் தட்டும் உண்மை அறிவித்தலிலும் பிழை இருக்கும்.

கல்லடியிலும் கல்முனையிலும் நன்றாக வேலை செய்யக்கூடியவை சுனாமிச் சீட்டுகள். முதலாவது: "நாளை இரவு 2 மணிக்குச் சுனாமி, நாசா அறிவிப்பு." இதற்குக் கொட்டை செலவழிக்கவே தேவையில்லை. நிலநடுக்கம் எந்த மணிக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் முடியாது. 2004 இல் சுமத்திராவில் நிலம் குலுங்கி ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் அலை நம் கரைக்கு வந்துவிட்டது. அதனால் உண்மையான எச்சரிக்கை நாளையைப் பற்றிப் பேசாது.

இரண்டாவது: "சுமத்திரா அருகே 8.6 நிலநடுக்கம், கரையோர மக்கள் உடனே விலகவும். 11.04.2012." பெரிய அலை வரவில்லையே என்று பிள்ளைகள் இதை அழிப்பார்கள். ஆனால் அன்று எச்சரிக்கை உண்மையாகவே விடுக்கப்பட்டது. பாறைத்தட்டுகள் பெரும்பாலும் பக்கவாட்டில் நழுவியதால் கடலடி அதிகம் உயரவில்லை. இது குலுங்கியவுடன் தெரிகிற விஷயமல்ல.

மூன்றாவது சீட்டில் அதே வாசகம், திகதி மட்டும் இல்லை. இதற்கு "பொறு". அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துக் கேட்கும்வரை அனுப்பக்கூடாது. ஆனால் "பொறு" என்பது அனுப்புவதற்கு மட்டுந்தான், ஓடுவதற்கு அல்ல. இதை விளங்கப்படுத்த இன்னொரு சீட்டு கட்டாயம் வேண்டும்: "கடல் திடீரென்று உள்வாங்குகிறது, நீ கரையில் நிற்கிறாய்." இதைச் சோதிக்க யாராவது கொட்டையை எடுத்தால் அவர் அந்தச் சுற்றிலிருந்து வெளியே.