அலோகங்கள் மட்டும் சேர்ந்தால் சகப்பிணைப்புதானா?

வேலூர் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி: “உலோகம், அலோகம் சேர்ந்தா அயனிப் பிணைப்பு. ரெண்டும் அலோகம்னா சகப்பிணைப்பு. ரெண்டும் உலோகம்னா உலோகப் பிணைப்பு. விதிவிலக்கே கிடையாது.”

கடைசி வரிதான் தவறு. பித்தளை போன்ற உலோகக் கலவையில் சிக்கலில்லை. மற்ற இரண்டும் சறுக்கும்.

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் பதனிடும் ஆலைகளில் தோலிலிருந்து சுண்ணாம்பை நீக்க அம்மோனியம் சல்பேட் போடுவார்கள். அதன் வாய்பாடு (NH4)2SO4. நைட்ரஜன், ஹைட்ரஜன், கந்தகம், ஆக்சிஜன் என எல்லாமே அலோகம். ஆனாலும் அது அயனிச் சேர்மம். NH4 குழுவுக்குள்ளும் SO4 குழுவுக்குள்ளும் இருப்பவை சகப்பிணைப்புகள். ஆனால் முன்னது நேர்மின்சுமையும் பின்னது எதிர்மின்சுமையும் கொண்டவை. அவற்றைச் சேர்த்துப் பிடிப்பது அயனி ஈர்ப்பு. அதனால்தான் இதன் கரைசல் நன்றாக மின்சாரம் கடத்துகிறது, சர்க்கரைக் கரைசல் கடத்துவதில்லை. ஆகவே வாய்பாட்டில் NH4 தென்பட்டால் உலோகத்தைத் தேடி ஏமாற வேண்டாம்.

எதிர்ப்பக்கம் அலுமினியம் குளோரைடு. உலோகமும் அலோகமும்தான்; ஆனால் எலக்ட்ரான் கவர்தன்மை வேறுபாடு சுமார் 1.55 மட்டுமே, சமையல் உப்பிலோ 2.23. வேறுபாடு குறைவாக இருப்பதால் இதன் பிணைப்பில் சகப்பிணைப்புத் தன்மை கூடுதல். உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். நீரற்ற அலுமினியம் குளோரைடோ 180 டிகிரியை ஒட்டியே ஆவியாகி, Al2Cl6 மூலக்கூறுகளாகப் பறந்துவிடும்.