தேதிகளைக் கேள், அப்புறம் கடனைப் பற்றி எழுது

என் அண்ணன் மகள் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் ஒரு கட்டுரை படிக்கப் போகிறாள். கிராமப்புற, சிறுநகரத் தொழில்முனைவோரின் சிக்கல்கள் என்பது தலைப்பு. கடன், சந்தை, அடிப்படை வசதி என்று மூன்று உட்தலைப்புகளும் போட்டிருந்தாள். "அத்தை, நீங்கள் சின்னக் கடைக்காரர்களுக்குத்தானே கணக்கு எழுதுகிறீர்கள், ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்று போன வாரம் பட்டர்வொர்த்தில் என் வீட்டுக்கே கொண்டு வந்தாள்.

உழைத்துத்தான் எழுதியிருந்தாள். ஆனால் மூன்றையும் மூன்று அறைகளில் தனித்தனியாகப் பூட்டி வைத்த மாதிரி இருந்தது. நான் கணக்கு எழுதும் ஓர் அக்காவின் 2024 தீபாவளிக் கோப்பை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அந்த அக்காவின் சம்மதத்தோடு இங்கேயும் எழுதுகிறேன்.

அக்கா இருப்பது நிபோங் திபாலில். தோட்டத்திலிருந்து வெளியேறி வந்த குடும்பம். வாடகை வீட்டுக்குப் பின்னால் தனிச் சமையல்கட்டு எடுத்து, இரண்டு பெண்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு முறுக்கு சுடுகிறார். வணிகப் பதிவு, சுகாதார அமைச்சின் மெஸ்தி சான்றிதழ், 955இல் தொடங்கும் பார்கோடு எல்லாம் முறையாக இருக்கின்றன. வாரத்தில் ஒரு நாள் பசார் மாலாமில் கடை போடுவார். அதில் 350 வெள்ளி வரை கையில் ரொக்கமாக வரும்.

அந்த ஆண்டு ஒரு பேரங்காடி நான்காயிரம் பாக்கெட் கேட்டது. கால் கிலோ பாக்கெட், விலை 6.50 வெள்ளி. மாவு, உளுந்து, எண்ணெய், பை, கூலி எல்லாம் சேர்த்து அக்காவுக்கு ஒரு பாக்கெட் 4.80 வெள்ளி அடங்கும். ஆக 19,200 வெள்ளி முதல் வேண்டும். அதற்காக 20,000 வெள்ளி கடன் வாங்கினார். ஐந்தாண்டுத் தவணை, ஆண்டுக்கு 4 விழுக்காடு நிலையான வட்டி, மாதம் 400 வெள்ளி. செப்டம்பர் 2ஆம் தேதி பணம் கைக்கு வந்தது. கடன் கிடைத்துவிட்டது, சந்தையும் கிடைத்துவிட்டது. கட்டுரைகளில் வெற்றிக் கதை பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடும்.

இனி தேதிகளைப் பாருங்கள். சரக்கு நான்கு தவணையாகப் போனது: செப்டம்பர் 18, 25, அக்டோபர் 2, 9. ஒவ்வொரு முறையும் ஆயிரம் பாக்கெட். பேரங்காடியின் கிடங்கு கோலாலம்பூர்ப் பக்கம், முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கூரியரில் அனுப்பினால் முறுக்கு நொறுங்கிவிடும் என்று லோரியில் இடம் பிடித்தார். ஒரு நடைக்கு 350 என்று நான்கு நடைக்கு 1,400 வெள்ளி. கடனாக வாங்கிய பணம் அப்போதே செலவாகித் தீர்ந்து, மேலே 600 வெள்ளி துண்டு விழுந்தது.

ஒப்பந்தத்தில் "மாத முடிவிலிருந்து 60 நாள்" என்று ஒரு வரி இருந்தது. சரக்கு போன நாளிலிருந்து அறுபது நாள் என்றுதான் அக்கா நினைத்திருந்தார். அப்படியில்லை. பில்லில் எந்த மாதத் தேதி இருக்கிறதோ, அந்த மாதம் முடிந்த பிறகுதான் எண்ணிக்கையே தொடங்கும். செப்டம்பர் பில்களுக்குப் பணம் நவம்பர் 29. அக்டோபர் பில்களுக்கு டிசம்பர் 30. கடன் தவணையோ அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது.

அந்த நான்கு வாரமும் கை ஓயவில்லை என்று பசார் மாலாம் கடையையும் மூடியிருந்தார். ஓடிக்கொண்டிருந்த ஒரே ரொக்கமும் நின்றுபோனது. அக்டோபர் நடுவில் ஒரு கல்யாண வீட்டார் முழுப் பணத்தையும் சரக்கு எடுக்கும்போதே தருகிறோம் என்று முறுக்கு கேட்டார்கள். எண்ணெய் வாங்கக் காசில்லாமல் அக்கா முடியாது என்று சொல்லிவிட்டார். கழுத்துச் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. ஆர்டர் இல்லாததால் ஒருவர் நொடிந்து போவது வேறு. இவர் பெரிய ஆர்டர் கிடைத்ததால் நொடிந்தார். என்னை அந்தக் கோப்பு இன்னும் உறுத்துவது இதனால்தான்.

கடைசியில் வந்தது எவ்வளவு? மொத்த பில் 26,000. தீபாவளி முடிந்ததும் விற்காத 520 பாக்கெட் திரும்பி வந்தன, அதற்கு 3,380 கழிவு. விளம்பரப் பங்கு என்று 5 விழுக்காடு, 1,300 வெள்ளி பிடித்தம். கைக்கு வந்தது 21,320. செலவும் லோரியும் போக மிச்சம் 720 வெள்ளி. அடகு வட்டியை நான் இன்னும் கழிக்கவில்லை. திரும்பி வந்த பெட்டிகளில் ஒன்றை என் முன்னால் பிரித்தார். பாதி நொறுங்கியிருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் எண்ணெய்க் காறல் வாடை அடித்தது. அதை வேறு யாருக்கும் விற்க முடியாது.

அண்ணன் மகள் ஒரு நல்ல கேள்வி கேட்டாள். "மூன்றாவது சரக்கை இரண்டு நாள் முன்னதாக, செப்டம்பர் 30இல் அனுப்பியிருந்தால்?" பணம் ஒரு மாதம் முன்னதாக வந்திருக்கும். 6,500 வெள்ளி பில் டிசம்பர் 30க்குப் பதில் நவம்பர் 29க்கு வந்திருக்கும். இரண்டு நாளுக்கு ஒரு மாதம்!

ஏன் முடியவில்லை என்றால், அங்கேதான் அடிப்படை வசதி வருகிறது. மாவு பிசையும் இயந்திரமும் பை ஒட்டும் இயந்திரமும் ஒன்றாக ஓடினால் அந்த வீட்டில் மின்சாரம் நின்றுவிடும். அதனால் பகலில் பிசைந்து சுட்டு, ராத்திரியில் பை ஒட்டுவார்கள். வாரத்துக்கு ஆயிரம் பாக்கெட்டுக்கு மேல் போகாது. இரண்டையும் சேர்த்துத் தாங்கும் த்ரீ பேஸ் மின்சாரத்துக்கு மனுச் செய்ய வீட்டு உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும், அவர் இழுத்தடிக்கிறார். ஆகஸ்டிலேயே சுட்டு அடுக்கி வைக்கலாமே என்றால் அதுவும் நடக்காது. கிடங்கில் இறக்கும்போது காலாவதிக் காலத்தில் மூன்றில் இரண்டு பங்காவது மீதம் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். முறுக்குக்குப் போட்டிருப்பதோ மூன்றே மாதம்.

ஆக, மின்சாரக் கோளாறு பில் தேதியைத் தள்ளியது. பில் தேதி பணத்தைத் தள்ளியது. பணம் வராததால் கடன் சுமையானது. இதை மூன்று உட்தலைப்பாகப் பிரித்தால் எப்படிப் புரியும்?

கடன் திட்டங்களை நான் குறை சொல்லவில்லை. அரசாங்கத்தின் தெக்குன் வழியாக நம் இந்தியச் சமூகத்துக்கு ஸ்புமி என்ற கடன் திட்டம் இருக்கிறது. 1987இல் கிராமீன் வங்கியின் வழியைப் பின்பற்றித் சிறுகடன் கொடுக்கத் தொடங்கிய அமானா இக்தியார் இருக்கிறது. இவை இன்னும் பெருக வேண்டும். என் கருத்து தவணை விழும் நாளைப் பற்றியது. வாராவாரம் திருப்பிக் கட்டும் முறை, தினமும் தோசை விற்றுக் காசு பார்ப்பவருக்கு நன்றாகப் பொருந்தும். சரக்கு கொடுத்து எழுபது, எண்பது நாள் காத்திருப்பவருக்கு அது பொருந்தாது. இயந்திரம் வாங்க ஐந்தாண்டுக் கடன் சரி. மாவுக்கும் எண்ணெய்க்கும் வேண்டியது, பில்லைக் காட்டி எடுத்து, பில் பணம் வந்ததும் அடைக்கிற குறுகிய காலக் கடன். தொழில்முனைவோர் பயிற்சியிலும் லோகோவும் முகநூல் விற்பனையும் சொல்லித் தருகிறார்கள். ஒப்பந்தத்தின் பணம் கொடுக்கும் பத்தியை எப்படிப் படிப்பது என்று ஒரு மணி நேரம் சொல்லித் தந்திருந்தால் அந்த அக்காவின் சங்கிலி கழுத்திலேயே இருந்திருக்கும்.

அண்ணன் மகளிடம் சொன்னேன்: "நீ பேட்டி எடுக்கும் ஒவ்வொருவரிடமும் மூன்று தேதி கேள். மாவு வாங்கிய தேதி, சரக்கை ஒப்படைத்த தேதி, பணம் வந்த தேதி. எவ்வளவு கடன் வேண்டும் என்பதை அப்புறம் கேட்டுக்கொள்."

2025இல் அக்கா பேரங்காடிக்கு இரண்டாயிரம் பாக்கெட் மட்டும்தான் ஒத்துக்கொண்டார். செப்டம்பர் 22, 29 என்று இரண்டே நடை, இரண்டு பில்லும் செப்டம்பர் தேதியில். பசார் மாலாம் கடையை ஒரு வாரம்கூட மூடவில்லை. சங்கிலியை மீட்டுவிட்டார். வீட்டு உரிமையாளர் மட்டும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, வரும் சனிக்கிழமை நானும் கூடப் போய்க் கேட்கப் போகிறேன்.