பெட்டிக்குள் எலக்ட்ரான்: ஆற்றல் படிகள் சம உயரமா?

“பெட்டிக்குள் அடைபட்ட எலக்ட்ரானின் ஆற்றல் நிலைகள் ஏணிப்படி போல சம இடைவெளியில் இருக்கும்.” – பரவிவரும் பகிர்வு

இது தவறு. சம இடைவெளி, சுருள்வில்லில் கட்டிய எடைபோல ஆடும் சீரிசை அலையியற்றிக்கு உரியது. இரண்டையும் யாரோ குழப்பிவிட்டார்கள்.

ஊடுருவ முடியாத சுவர்களில், எலக்ட்ரானை அலையாக விவரிக்கும் அலைச்சார்பு சுழியாக வேண்டும். வீணைத் தந்தியைப் போல, L நீளத்துக்குள் முழு எண்ணிக்கையில் அரை அலைகள் மட்டுமே நிலை அலையாகப் பொருந்தும்: L = nλ/2. இதில் λ அலைநீளம்; n என்பது 1, 2, 3 என்ற முழு எண். h பிளாங்க் மாறிலி எனில் உந்தம் p = h/λ என்பதால் அது n மடங்காகிறது. ஆற்றலோ உந்தத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது; m எலக்ட்ரானின் நிறை எனில்:

E = n²h²/8mL²

1 நானோமீட்டர் பெட்டியில் முதல் மூன்று நிலைகள் சுமார் 0.376, 1.504, 3.384 எலக்ட்ரான்வோல்ட். இடைவெளிகள் 1.13, 1.88 என விரிகின்றன. ஒரு தாளில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். கல்லூரிக் குவாண்டம் இயக்கவியல் பாடநூல்களிலும் இதே கணக்கு உண்டு. தயவுசெய்து அந்தப் பகிர்வை மேலும் அனுப்ப வேண்டாம்.