அப்பாவின் திதி: உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள்

அன்பான சித்தப்பா, மாமி, மச்சான்மார், மச்சாள்மார், பிள்ளைகள் எல்லோருக்கும்,

அப்பாவின் ஆண்டுத் திவசம் வருகிறது. எந்த நாளில் செய்வது என்று ஒவ்வொரு நாட்டிலிருந்தும் கேட்கிறீர்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று கொடுத்த கல்வெட்டை எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்துத் திதி வெண்பாவிலேயே ஆவணி மாதம், பூர்வபக்கம், சப்தமி என்று இருக்கிறது. அவர் கண்மூடிய ஆங்கிலத் தேதியை நாங்கள் பார்ப்பதில்லை. சந்திரக் கணக்குக்கு ஆண்டு ஏறக்குறைய 354 நாள்தான் என்பதால், அந்தச் சப்தமி ஆங்கிலக் கலண்டரில் வருடா வருடம் இடம் மாறும்.

திதி தொடங்குவதும் முடிவதும் உலகம் முழுக்க ஒரே கணத்தில்தான். ஆனால் அந்தக் கணத்தில் உங்கள் மணிக்கூடும் எங்கள் மணிக்கூடும் வேறு. திவசத்துக்குப் பார்க்க வேண்டியது, நீங்கள் இருக்கும் ஊரின் பிற்பகலில் அந்தத் திதி நிற்கிறதா என்பதே. ஊரில் சனி மாலை 6 மணிக்குச் சப்தமி தொடங்கி ஞாயிறு மாலை 4 மணிக்கு முடிகிறது என்று வையுங்கள். எங்களுக்கு ஞாயிறுதான் திவசம். மெல்பேர்னில் அது சனி இரவு 10.30க்குத் தொடங்குவதால் அங்கேயும் ஞாயிறு. ரொறன்ரோவிலோ சனி காலை 8.30க்கே தொடங்கி ஞாயிறு விடிய 6.30க்கு முடிந்துவிடும். அதனால் அவர்களுக்குச் சனி. லண்டனுக்கும் சனிதான். ஊர்ப் பஞ்சாங்கத்து நாளை அப்படியே எடுத்தால், ரொறன்ரோவில் அட்டமியில்தான் படைப்பீர்கள்.

வேலை நாளென்றால் சொந்தக்காரரைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுப்பதை வார இறுதிக்குத் தள்ளலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. விளக்கேற்றிப் படைப்பதை மட்டும் திதியில் செய்யுங்கள். ஐயர் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. சோறு, பருப்பு, அப்பாவுக்கு விருப்பமான கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல் போதும். உங்கள் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சொல்லிக் கும்பிடச் சொல்லுங்கள்.

நாளில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் அவர்தான். உபதபாலகத்தில் முத்திரை குத்தி வாழ்ந்த மனிதர், ஒவ்வொரு கடிதத்திலும் தேதியோடு திதியையும் எழுதுவார். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத இரவுகளில் ஜாம் போத்தல் விளக்கை அருகில் இழுத்து வைத்துக்கொண்டு, நீல வான்கடிதத்தில் இடம் முடிந்த பிறகும் ஓரத்தில் செங்குத்தாக எழுதிக்கொண்டே போவார். உங்கள் வீட்டுப் பிறந்தநாள், உங்கள் அம்மாவின் இருமல், கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். பதில் வர மாதக்கணக்காகும். வந்த கடிதத்தை வீட்டில் எல்லோரையும் இருத்தி உரத்து வாசிப்பார்.

எங்களுக்கு வந்தவை எங்களிடம் இருக்கின்றன. அவர் உங்களுக்கு எழுதியவை ஊரில் இல்லை. யாராவது பெட்டியடியில் வைத்திருந்தால், இரண்டு பக்கமும் ஓர மடிப்புகளும் தெரியப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். நீங்கள் இருக்கும் நகரத்தின் பெயரையும் கீழே எழுதுங்கள். இந்த வருடத் திதி உங்களுக்கு எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று ஒவ்வொருவருக்கும் பார்த்துச் சொல்கிறேன்.