"மாப்ள, இதுல மல்லி எதுடா?"

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் விலையைப் பத்தி நாலு நிமிச வீடியோ ஒன்னு செஞ்சேன். மல்லிக்குச் சிவப்புக் கோடு, பிச்சிக்குப் பச்சைக் கோடு. எந்தக் கலர் எதுன்னு ஓரத்துல ரெண்டு சின்னக் கட்டம். ஏத்துறதுக்கு முன்னாடி பூ யாவாரம் பண்ற மச்சான்கிட்ட காட்டினேன். போனைக் கிட்ட வச்சுப் பாத்தான், தள்ளி வச்சுப் பாத்தான். "மாப்ள, இதுல மல்லி எதுடா? பனிக்கு மல்லி வரத்து கொறையும், அதனால ஏறுனது மல்லின்னு எனக்குத் தெரியும். உன் படம் அதைச் சொல்லலையே."

இத்தனை வருசப் பழக்கத்துல அவனுக்குச் சிவப்பு, பச்சை பிரியாதுன்னு எனக்குத் தெரியாது. அவனும் சொன்னதில்ல. தாய் வழியா வர்றது, ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம்.

அன்னிக்கு ராத்திரி அந்தப் படத்தை ஃபோட்டோஷாப்புல திறந்து View > Proof Setup > Color Blindness போட்டுப் பாத்தேன். ரெண்டு கோடும் கடுகு நிறத்துக்குப் போயிருச்சு. நான் வச்சிருந்தது #FF0000, #008000. கலரை விடுங்க, ரெண்டுக்கும் வெளிச்சத்துலகூட வித்தியாசம் இல்ல. கான்ட்ராஸ்ட் வெறும் 1.28.

ஒகாபே, இட்டோன்னு ரெண்டு ஜப்பானியர் இதுக்குன்னே தேர்ந்தெடுத்த கலர் வரிசை ஒன்னு இருக்கு. அதுலருந்து நீலம் #0072B2, ஆரஞ்சு #E69F00 எடுத்தேன். நீலம் நல்லா நின்னுச்சு. ஆரஞ்சு வெள்ளைப் பின்னணியில வெளிறிப் போச்சு. படத்துல இருக்குற கோட்டுக்குக் கான்ட்ராஸ்ட் 3 ஆவது வேணும், இது 2.25 தான். அதே வரிசையில #D55E00 போட்டதும் 3.9 வந்துச்சு. ஆனா உண்மையில வேலையை முடிச்சது கலர் இல்ல. ஓரக் கட்டத்தைத் தூக்கிட்டு, கோடு முடியுற எடத்துலயே "மல்லி", "பிச்சி"ன்னு எழுதினேன். பிச்சிக் கோட்டை விட்டு விட்டுப் போட்டேன். இதை மொதல்லயே செஞ்சிருக்கலாம்.

சப்டைட்டில்தான் என்னை ஏமாத்துனது. யாவாரி பேசுறப்ப கறுப்புப் பட்டையில சிவப்பு எழுத்து. கணக்குப்படி கான்ட்ராஸ்ட் 5.25, எழுத்துக்கு வேண்டியது 4.5, பாஸ். ஆனா இந்தக் குறையில ஒரு வகைக்காரங்களுக்குச் சிவப்பே மங்கித்தான் தெரியும். அந்தக் கணக்கு சாதாரணக் கண்ணுக்குப் போட்டது. போதாக்குறைக்கு, நாம ஏத்துற வீடியோவெல்லாம் பெரும்பாலும் 4:2:0. வெளிச்சத்தை முழுசா வச்சுக்கிட்டு, கலரை மட்டும் அகலத்துல பாதி, உசரத்துல பாதியாக் கொறச்சுரும். மெல்லிசான சிவப்பு எழுத்து நல்ல கண்ணுக்கே ஓரம் கலங்கும். இப்ப எல்லாருக்கும் வெள்ளை எழுத்து, சுத்திக் கறுப்பு விளிம்பு. ஆள் மாறுறப்ப பேரு போட்டு ஒரு முக்காற்புள்ளி.

திருத்துனதை மச்சானுக்கு அனுப்பினேன். ரெண்டு நிமிசத்துல போன் அடிச்சான்.

"இப்பத் தெளிவாத் தெரியுதுடா. தை மாசத்துப் பிச்சி வெலையைத் தப்பாப் போட்டிருக்க."