‘வாவ செலவ’ என்றால் என்னவென்று யாராவது சொல்லுங்கள்

இன்றைக்கும் பிரிண்ட் எடுத்ததில் அடி வரி போச்சு. பதினான்கு பக்கம். பதினான்கிலும் கடைசி வரிக்குக் கால் இல்லை.

மேனேஜர் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஆறாம் பக்கத்தைச் சத்தமாகவே படித்தார். “வாவ செலவ... என்னப்பா இது?” சார், அது ‘வரவு செலவு’ சார். ‘ர’வின் கால் வெட்டுப்பட்டுத் துணைக்கால் ஆகிவிட்டது. ‘வு’வின் கால் வெட்டுப்பட்டு வெறும் ‘வ’ ஆகிவிட்டது. நம் மொழியில் பாதி எழுத்துக்குக் கீழேதானே உயிர் இருக்கிறது! ஆங்கிலத்தில் அடி வெட்டுப்பட்டால் ஒரு g-யோ y-யோ நொண்டும், அவ்வளவுதான். இங்கே வாக்கியமே செத்துப்போகிறது. இதையெல்லாம் அவரிடம் விளக்க முடியுமா? “சரி பண்ணிக் கொண்டு வர்றேன் சார்” என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

பக்கத்து சீட்டிலிருந்து உடனே அருள்வாக்கு: “மார்ஜினைக் கூட்டிப் போடுங்க.” போட்டேன். அடி மார்ஜின் அரை அங்குலம் இருந்ததை 2 சென்டிமீட்டர் ஆக்கினேன். வரி தப்பித்தது. ஆனால் பதினான்கு பக்கம் பதினைந்தானது, எட்டாம் பக்கத்து அட்டவணை இடுப்பில் முறிந்தது, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக் கோடு மட்டும் அநாதையாக நின்றது. மேலே ஒரு வார்த்தை இல்லாத வெள்ளைத் தாளில் யார் கையெழுத்துப் போடுவார்?

அடுத்த அருள்வாக்கு, எதிர் சீட்டு: “Fit-ல போடுங்க, அதுவே சுருக்கிக்கும்.” பழைய மார்ஜினுக்கே திரும்பிப் போய் அதையும் செய்தேன். சுருக்கியது. எல்லாவற்றையும் சுருக்கியது. ஏற்கெனவே 10 புள்ளியில் இருந்த அட்டவணை எண்கள் எறும்பு வரிசை ஆகிவிட்டன. சுற்றிலும் வெள்ளை, கீழே மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு இன்னும் பெரிய வெள்ளை.

அந்த வெள்ளைப் பட்டையைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. முதல் பிரிண்டை எடுத்து மறுபடி பார்க்கிறேன். வரி வெட்டுப்பட்ட இடத்துக்குக் கீழே தாள் தீரவே இல்லை. ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக, சும்மா, காலியாக, தாள் இருக்கிறது! தாளில் இடம் போதாமல் எழுத்து வெட்டுப்படவில்லை. தாள் அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பிரிண்டர் கையை எடுத்திருக்கிறது. தலைப்பும் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆமாம், லெட்டர்தான். ஏ4-ஐவிடக் குட்டையான அந்த அமெரிக்கத் தாள் அளவு. ட்ரேயில் இருப்பது ஏ4. பிடிஎஃப் ஏ4. நடுவில் உட்கார்ந்திருக்கும் பிரிண்டர் டிரைவர் மட்டும் “எனக்கு லெட்டர் தாளைத் தவிர வேறு தெரியாது” என்கிறது. ஏ4 உயரம் 297 மில்லிமீட்டர், லெட்டர் 279.4. அகலத்தில் லெட்டர் 6 மில்லிமீட்டர் பெரியது, அதனால் பக்கவாட்டில் எதுவும் போகவில்லை, உயரத்தில்தான் அடி. 17.6 மில்லிமீட்டர் குறைகிறது. Actual size-ல் அனுப்பினால் பக்கத்தை நடுவில் வைத்து மேலே 9, கீழே 9 என்று சரிபாதி வெட்டு. அதற்கு மேல் பிரிண்டரே ஓரத்தில் அச்சடிக்காமல் விடும் நாலைந்து மில்லிமீட்டர். கூட்டினால் பதின்மூன்று, பதினாலு. என் அடி மார்ஜினோ 12.7. கணக்கு சரியாக ‘வு’வின் காலில் போய் முடிகிறது. அளந்து வெட்டினால்கூட இவ்வளவு நேர்த்தியாக வராது!

இதில் என்ன வயிற்றெரிச்சல் என்றால், பிரிண்ட் பெட்டியின் முன்னோட்டத்துக்கு மேலே 8.5 x 11 என்று அது முதலிலேயே எழுதிக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. ஏ4 என்றால் 8.27 x 11.69 என்று இருக்க வேண்டும். அதை யார் பார்க்கிறார்கள்? நான் பார்த்தேனா? இல்லை. சரி, விடுங்கள், கோபம் என் மேல் இல்லை.

கோபம் எதன் மேல் என்றால், இதை நான் போன மாதமே சரிசெய்தேன்! என் கையால்! பிரிண்டர் மேல் சொடுக்கி, Printing preferences போய், ஏ4 தேர்ந்தெடுத்து, ஓகே கொடுத்தேன். அப்புறம் ஏன் லெட்டர்? ஏனென்றால் அந்த Preferences இருக்கிறதே, அது என் லாகினுக்கு மட்டும். பிரிண்ட் எடுக்கும் பொதுக் கணினியில் இன்று வேறொருவர் லாகின் திறந்திருந்தது. அவருக்கு இன்னும் லெட்டர்தான். எல்லாருக்கும் மாற வேண்டுமென்றால் Printer properties, அதற்குள் Advanced, அதற்கும் அடியில் Printing Defaults என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் திறப்பது அச்சு அசலாக அதே பெட்டி! அதே தாள் பட்டியல், அதே ஓகே. ஒன்று எனக்கு, ஒன்று ஊருக்கு. அட்மின் உரிமை இருந்தால்தான் ஊருக்கானது கேட்கும், அதற்கு ஐடி தம்பி வர வேண்டும், அவர் சாப்பிடப் போயிருந்தார். டிரைவரை அழித்து மறுபடி போட்டால் இந்தப் புண்ணியமும் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பிரிண்டரோடு முடிந்ததா? வேர்டு இருக்கிறதே. Layout, Size, அதில் கடைசி வரி More Paper Sizes, அங்கே ஏ4. எல்லாரும் அதோடு ஓகே கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அது அந்த ஒரு கோப்புக்கு மட்டும். பெட்டியின் கீழே Set As Default என்று ஒரு பொத்தான் பாவமாக நிற்கிறது. அதை அழுத்தினால்தான் நாளைக்குத் திறக்கிற புதுக் கோப்பும் ஏ4 ஆக வரும். புதுக் கோப்பு மட்டும்! பழைய லெட்டர் கோப்பை எடுத்துப் பேரை மாற்றி, தேதியை மாற்றி வேலையை ஓட்டுகிற நம்மைப் போன்ற உத்தமர்களுக்கு அதனால் ஒரு பலனும் இல்லை. அந்தப் பழைய கோப்பு சாகும்வரை லெட்டர்தான், ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற வேண்டும். மாற்றும்போதும் Apply to-வில் Whole document இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் முதல் பிரிவு ஏ4, இணைப்பு மட்டும் லெட்டர் என்று ஒரே கோப்பில் இரண்டு தேசம் ஓடும்.

ஏ4 ஒன்றும் நேற்று முளைத்ததில்லை. 1922-இல் ஜெர்மனியில் தரமாக்கினார்கள். 1975-இல் ஐஎஸ்ஓ தரமும் ஆகிவிட்டது. அமெரிக்கா, கனடா மாதிரி சில இடங்கள்தான் லெட்டர். ஆனால் கணினியை முதலில் அமைக்கும்போது வட்டாரம் என்ற இடத்தில் அமெரிக்கா என்று இருந்ததை அப்படியே விட்டு ஒருத்தர் Next அழுத்தியிருப்பார். யாரோ ஒருத்தர், ஒரு Next. அதற்கு நான் ‘வாவ செலவ’ படிக்கிறேன்.

ஐடி தம்பி மூன்றரைக்கு வந்தார். இருபது விநாடி வேலை. “எல்லாருக்கும் மாத்திட்டேங்க.” பதினான்கு பக்கம், நாலாவது தடவை. வந்தது. ஆறாம் பக்கம், கடைசி வரி, ‘வரவு செலவு’, இரண்டு காலும் தரையில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுக்கித் தட்டி, மூலையைச் சேர்த்து, ஸ்டேப்ளரை வைத்து ஓங்கி அழுத்தினேன். டக். பின் இல்லை. கடைசிப் பின்னை அடித்துவிட்டுக் காலி ஸ்டேப்ளரைப் பத்திரமாகப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போன அந்த மகராசன் யார்?