அந்த ஈர ரோடு

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் விளம்பரம் என்றாலே அந்த ரோடு வந்துவிடும். அந்தி நேரம், நனைந்த தார், அதில் சிவப்பும் நீலமுமாகக் கடை போர்டுகள் கோடு கோடாக ஓடும். நடுவில் சத்தமில்லாமல் ஒரு வண்டி.

பெரும்பாலும் அது மழையே இல்லை, தண்ணி லாரி. காய்ந்த தார் சொரசொரப்பானது. விழுகிற வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடித்துவிடும், படத்தில் சாம்பலாகச் செத்துக் கிடக்கும். தண்ணீர் விட்டதும் அதே ரோடு கண்ணாடியாகிவிடும். கேமராவை முழங்காலுக்குக் கீழே இறக்கினால் பளபளப்பு இன்னும் கூடும். பின்னால் வானம் நீலமாக இருக்க வேண்டும். நவம்பரில் சென்னையில் 5:40 வாக்கில் சூரியன் மறைகிறது, ஆறு மணிக்கு மேல் அந்த நீலம் நிற்காது. அதற்குள் தார் காய்ந்தால் லாரி மறுபடி வர வேண்டும். அடுத்த முறை பாருங்கள்: ரோடு சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், பிளாட்பாரம் காய்ந்திருக்கும், ஓட்டுபவரின் சட்டையில் ஒரு துளி இருக்காது.

அழகுக்காகச் செய்கிறார்கள், சரி. என் எரிச்சல் வேறு. படத்தில் அழகாக இருக்கிற அந்தப் பளபளப்புதான் வண்டி ஓட்டுகிறவனுக்கு எமன். காய்ந்த ரோட்டில் நம் ஹெட்லைட் வெளிச்சத்தில் கொஞ்சம் சிதறி நம் கண்ணுக்கே திரும்பி வரும், அதனால்தான் பள்ளம் தெரிகிறது. நனைந்த ரோட்டில் பெரும்பகுதி முன்னால் வழுக்கிக்கொண்டு போய்விடும். லைட் எரிகிறதா என்றே சந்தேகம் வரும். எதிரே வருகிற பஸ்ஸின் வெளிச்சமோ இரண்டு மடங்காக வந்து கண்ணில் அடிக்கும், ஒன்று நேராக, இன்னொன்று தரையிலிருந்து. வெள்ளைக் கோடு, ஸ்பீட் பிரேக்கர் எல்லாம் அதில் காணாமல் போய்விடும்.

ஆற்காடு ரோட்டில் மழை விட்ட ஒரு சாயங்காலம் ஒரு மருந்துக் கடையின் பச்சை போர்டு தரையில் தெரிந்தது. ஓரிடத்தில் எழுத்தைப் படிக்கிற அளவுக்குத் தெளிவு, பக்கத்தில் வெறும் பச்சைத் தீற்றல். தீற்றலாகத் தெரிந்தால் தாரின் சொரசொரப்பு இன்னும் மேலே நிற்கிறது, அங்கே ரோடு வெறுமனே நனைந்திருக்கிறது. எழுத்து தெளிவாகத் தெரிந்தால் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அடியில் அரை அங்குலமா, மூடி போன மேன்ஹோலா, யாருக்குத் தெரியும்? டெலிவரிப் பையன்கள் அந்தத் தெளிவான இடத்தைச் சுற்றித்தான் வளைத்துக்கொண்டு போனார்கள். (லாரி பீய்ச்சிய தண்ணீருக்கு இந்தக் கவலை இல்லை. அந்த ரோட்டை முன்னாடியே பெருக்கி, நடந்து பார்த்திருப்பார்கள்.)

பேட்டரிக்கு ஐ.பி.67 என்று போட்டிருப்பதை நம்பி முழங்கால் தண்ணீரில் இறங்குபவர்களும் இருக்கிறார்கள். ஒரு மீட்டர் ஆழத்தில், அசையாத தண்ணீரில், அரை மணி நேரம் வைத்துப் பார்க்கிற சோதனை அது. பேட்டரிப் பெட்டிக்குத் தந்த எண் முழு வண்டிக்கும் ஆகாது. துரைசாமி சப்வேயில் தண்ணீர் நின்றால் நான் கோடம்பாக்கம் பாலம் ஏறிச் சுற்றித்தான் போவேன்.